கொட்டகை ஓரத்தில் இரண்டு டிகிரிகள்

மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பானெட்டைத் திறக்காமலே, இன்ஜின் சத்தத்தை வைத்து நோவு எங்கே என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடப் பழக்கம். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள்; அது அலமாரியில் பெட்டியோடு கிடந்தது.

அந்த மலையூரில் குளிர்காலம் தொடங்கிய வாரம், நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி தன் பெட்ரோல் காரோடு வந்தார். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. வெயில் ஏறிய பிறகு ஒரே சாவியில் கிளம்புகிறது என்றார். அவர் வந்தபோது மணி பதினொன்று. காதுக்காரர் சாவியைத் திருப்பினார். கிளம்பியது.

பட்டறையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னார்: "வண்டியில ஒண்ணும் இல்ல மேடம். ஆக்சிலரேட்டரை மிதிச்சு மிதிச்சு பெட்ரோலை அதிகமா விட்டு அடைச்சிடுறீங்க. காலைச் சும்மா வச்சிருங்க, அது தானா கிளம்பும்."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தப் பெண்மணி முகம் சிவந்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்மணியிடமிருந்து போன் வந்தது. அவர் கணவருக்கு வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். அன்றும் கார் கிளம்பவில்லை. வாடகை வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கான நேரத்தில் பாதி போயிருந்தது. மிச்ச நேரத்துக்குத்தான் இயந்திரத்தில் வைத்தார்களாம். "நான் ஆக்சிலரேட்டர்ல காலை வைக்கவே இல்லண்ணே" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் காதுக்காரரைக் குத்தியது.

மறுநாள் விடியுமுன் அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போனார். கொட்டகை ஓரம் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைத் தொடவேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். கூடவே ஸ்கேனரையும் எடுத்துப் போனார். வாசலில் போர்வை போர்த்தி, நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார்.

காதுக்காரர் சாவியை ஒரு கட்டம் திருப்பினார். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகி நின்றது. அப்படியானால் பம்ப் ஓடுகிறது. ஸ்டார்ட்டரை ஓட்டிப் பார்த்தார், வேகமாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரியிலும் குறையில்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் முங்கியிருக்க வேண்டும், பட்டறையில் தான் சொன்னது உண்மையென்றால். கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது. பொறி நன்றாகவே வந்தது. பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டினார், அழுத்தமும் சரி. இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடிப்போகவில்லை, போதாமல்தான் இருந்தது.

ஸ்கேனரை மாட்டினார். உள்ளே வரும் காற்றின் வெப்பம் ஆறு டிகிரி. இன்ஜின் தண்ணீரின் வெப்பம் நாற்பத்தெட்டு. எட்டு மணி நேரம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பிய கம்ப்யூட்டர், குளிருக்குத் தேவையான பெட்ரோலைத் தரவில்லை. வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் ஒயரை உருவிவிட்டுச் சாவியைத் திருப்பினார். அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

டார்ச்சை அடித்து அந்தச் சென்சாரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கோடையில் இந்த வண்டிக்கு, இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றியபோது அவரே மாட்டியது. கடையில் இந்தக் காருக்கானது இல்லாமல், வேறு மாடலுக்கானதை வாங்கி மாட்டினார். திருகும் இணைப்பும் அச்சு அசலாகப் பொருந்தின. சூட்டில் ஏறக்குறைய சரியாகவே சொன்னது. குளிரில்தான் பொய் சொன்னது. எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை.

"சென்சார் போயிருக்கு, மாத்திடலாம்" என்றார். அதுவும் பொய்தான். வாயில் அப்படித்தான் வந்தது.

"அப்போ என் கால் இல்லையாண்ணே?" என்று கேட்ட பெண்மணி, கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாளும் அந்த வீட்டில் அந்தக் காலைப் பற்றி என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று காதுக்காரருக்குப் புரிந்தது.

அன்று சரியான சென்சாரை மாட்டிவிட்டு வீடு வந்தார். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். நாலாம் நாள், டயாலிசிஸ் இல்லாத காலையில் மறுபடி அந்த வாசலில் போய் நின்றார். இருவரும் இருந்தார்கள்.

"சென்சார் கெட்டுப் போகல. தப்பானதை நான்தான் மாட்டினேன். அதைப் பாக்காம, பட்டறையில அத்தனை பேர் முன்னாடி உங்க மேல போட்டேன்."

பெண்மணி சொன்னார்: "அன்னைக்குச் சிரிச்சாங்களே, அவங்க கிட்டயும் இதைச் சொல்லுங்க."

சொன்னார். இரண்டு பேரிடம் நேரில் போய், மற்றவர்களிடம் போனில். ஒருவருக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. எதற்கு இதையெல்லாம் என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அது இன்னும் கூச்சமாக இருந்தது.

அந்தக் கார் இப்போது வேறு பட்டறைக்குப் போகிறது. சில காலைகளில் காதுக்காரரின் பட்டறையைத் தாண்டித்தான் போகும். அந்த நேரத்தில் அவர் ஏதாவது ஒரு பானெட்டுக்குள் குனிந்துகொள்வார்.