ரத்தசோகை என் தலைப்பு

நர்சிங் மூன்றாம் ஆண்டில் எங்களை எட்டு வாரத்துக்குத் திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சமுதாய சுகாதாரப் பயிற்சிக்கு விட்டார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்து, அந்த ஊருக்கு எது பிரச்சினையோ அதையே ப்ராஜெக்ட் தலைப்பாக எடுக்க வேண்டும் என்றார் எங்கள் மேடம். ரத்தசோகைக்கு இரண்டு பேர் கை தூக்கினோம், நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும். நான் ஒரு நொடி முந்திக்கொண்டேன். அவளுக்குக் கிடைத்தது சேற்றுப்புண் தலைப்பு. எனக்கு ஒரே குஷி. கால்விரல் இடுக்குப் புண்ணை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிக்கப் போகிறாள்! சிறந்த ப்ராஜெக்டைக் கல்லூரி அரங்கில் மேடையேற்றுவார்கள். அந்த மேடை எனக்குத்தான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

சார்ட் எழுதினேன், முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வரைந்தேன், காலை பதினோரு மணிக்கு அங்கன்வாடியில் கூட்டம் என்று சொல்லி அனுப்பினேன். வந்தது இரண்டு பாட்டிகளும் ஒரு நாயும். சம்பா நடவு நேரம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வயலில் இருந்தார்கள். இது எனக்குத் தோன்றவில்லை. என் தோழிக்குத் தோன்றியது. அவள் அம்மாவே நன்னிலம் பக்கத்தில் நடவுக்குப் போகிறவர். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கிப் போனாள். வேலை முடிந்து கரையேறும் பெண்களின் கால்களை வாய்க்காலோரம் உட்கார்ந்து பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்த பிறகுதான் களிம்பு என்று சொல்லிக் கொடுத்தாள். மருதாணி அரைத்துப் பூசுகிறோமே என்றவர்களை அவள் திட்டவும் இல்லை. இரண்டே வாரத்தில் ஊரே அவளை, “நம்ம பாப்பா, நம்ம பாப்பா” என்றது. என்னை “சார்ட்டு பொண்ணு” என்றது. வயிறு எரிந்தது எனக்கு. அவள் சிரித்தால்கூட எரிந்தது.

என் பட்டியலில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். பதினொன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டரை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே எட்டரை. ஊர் நர்ஸ் அக்கா அவரிடம், “இனியும் ஏறலைன்னா கும்பகோணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசிதாம்மா. இப்படியே பிரசவத்துக்குப் போனா உசுருக்கே ஆபத்து” என்றார்.

“தினம் ஒண்ணு போடுறேங்க, சத்தியமா போடுறேன்” என்று அந்தப் பெண் அழுதார். நான் நம்பவில்லை. ‘மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளவில்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதியும்விட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் தோழி பக்கத்தில் வந்தாள்.

“ஏய், அந்த அக்கா மாத்திரை போடுறாங்கடி. முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வராங்க. பத்து மணிக்கு வயல்காரர் வீட்டு டீ வருதில்ல, அந்த டீயிலதான் முழுங்குறாங்க. எல்லாருமே அப்படித்தான்.”

சட்டென்று புரிந்தது. டீயோடு போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இதை நான் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். மாத்திரையைக் கையில் கொடுத்தபோது ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம்.

“உனக்குப் புண்ணுதானே தலைப்பு? அதைப் பாரு போ” என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. “அந்த அக்காவுக்காகத்தான்டி சொன்னேன்” என்றாள்.

மறுநாள் நானே வயலுக்குப் போனேன். டீ தூக்கு வந்தது, முடிச்சுகள் அவிழ்ந்தன, அவள் சொன்னபடியே நடந்தது. “டீயோட வேணாங்க, மதியம் சோறு தின்னு ஒரு மணி நேரம் கழிச்சுத் தண்ணியில போடுங்க” என்று வரப்பில் நின்று கத்தினேன். தலையில் முண்டாசு கட்டிய அம்மா ஒருவர், “நம்ம பாப்பாவைக் கேட்டுக்கிறோம்மா” என்று டீயை உறிஞ்சினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவளிடம் போய் நின்றேன். நேற்று பேசியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடனே வந்து அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள், கேட்டுக்கொண்டார்கள்.

பயிற்சி முடியும் வாரத்தில் அந்தக் கர்ப்பிணிக்கு ஒன்பதரை வந்தது. ஊர் நர்ஸ் அக்கா ஊசிப் பேச்சை நிறுத்தினார். என் ப்ராஜெக்ட்தான் மேடையேறியது.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், “டீ விஷயத்தை எப்படிம்மா கண்டுபிடிச்ச?” என்று கேட்டார்.

மைக் என் வாயருகே இருந்தது. அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“வயலுக்குப் போய்க் கவனிச்சேன் சார்” என்றேன்.

அரங்கமே கைதட்டியது. முதலில் கை தட்டியவள் அவள்தான். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.