டம்ளர் தட்டிய சத்தம்

என் தங்கைக்குக் கிடைக்க வேண்டிய நர்ஸ் வேலையைக் கெடுத்தவர் நீங்கள்தான், சார்.

டவுன்ஷிப்பில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறீர்கள். என் தங்கையும் அங்கே படித்தாள். சுரங்கத்தில் என் ஷிப்ட் முடிந்து அவளை அழைத்துப்போக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பேசுகிறவர் கொஞ்சம் நிறுத்தினால் போதும், எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவீர்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து எல்லோரும் எதற்கெடுத்தாலும், யோசிக்க நேரம் கேட்க நீங்கள் சொல்லிக்கொடுத்த "வெல், லெட் மீ திங்க்" என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டீர்கள். அதற்கும் அதே பதில். நீங்கள் கை தட்டினீர்கள்.

"சாப்ட்டதுக்கு என்னா சார் யோசனை?" என்று கேட்டேன்.

"நீங்க மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலைங்க. வாய மூடிக்கினு செஞ்சிடலாம். இன்டர்வியூல மூடினா அவுட்" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. என் தங்கையும் சிரித்தாள்.

கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில் குறிஞ்சிப்பாடி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

"என்னாம்மா ஆச்சு?"

"பேரு கேட்டாங்கண்ணா. வெல், லெட் மீ திங்க்னு ஆரம்பிச்சேன். ஊரு கேட்டாங்க. அதுக்கும் அதேதான் வந்துச்சு. சொந்த ஊர யோசிச்சித்தான் சொல்லுவியாம்மான்னு கேட்டு சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"ரத்தம் ஏத்தும்போது பேஷண்டுக்குக் குளிர் நடுக்கம் வந்தா மொதல்ல என்னா செய்வேன்னு கேட்டாங்க. தெரியும்ணா. ஒடனே ரத்தத்த நிறுத்தணும், டாக்டரக் கூப்புடணும். இங்கிலீஷ்ல கோக்கத்தான் கொஞ்சம் நேரம் வேணும். லெட் மீ திங்க்னேன். போதும்மா, போலாம்னுட்டாங்க."

டீ ஆறிப்போனது. அவள் தொடவில்லை.

யோசிக்க நேரம் கேட்பது தப்பில்லை. கேள்வி கஷ்டமாக இருந்தால், "இருங்க, யோசிச்சி சொல்றேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு யோசித்தால் எதிரில் இருப்பவர் காத்திருப்பார். வீட்டில் அவள் அப்படித்தான் பேசுவாள். அம்மாவின் மாத்திரையைப் பற்றி ஏதாவது கேட்டால், "இருண்ணா" என்பாள். பேசாமல் யோசிப்பாள். பிறகு சரியாகச் சொல்வாள். பேருக்கும் ஊருக்கும் அந்த வார்த்தையைச் செலவழித்துவிட்டதால், உண்மையிலேயே நேரம் தேவைப்பட்டபோது அவளை யாரும் நம்பவில்லை. பதில் தெரியாமல் மழுப்புகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

இப்போது வீட்டிலும் அவள் பேச்சு குறைந்துவிட்டது. ஏதாவது கேட்டால் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். சமையலறையில் டம்ளர் விழுந்தால் திடுக்கிடுகிறாள்.

உங்களிடம் வந்து சொன்னேன். "உங்க தங்கச்சிக்கு பிராக்டிஸ் பத்தல" என்றீர்கள். பிராக்டிஸ் அதிகமானதுதான் சார் கேடு.

புது வகுப்புக்கு ஆள் சேர்க்கக் கூட்டம் போடுகிறீர்களே, பெற்றோர் எல்லோரும் வருவார்களே, அங்கே நானும் வருவேன். எதற்கு "லெட் மீ திங்க்" சொல்ல வேண்டும், எதற்குச் சொல்லக் கூடாது என்று ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்தீர்களா? மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். வேண்டிய நேரம் யோசியுங்கள். யாரும் டம்ளர் தட்ட மாட்டோம். ஆனால் பதில் வந்தாக வேண்டும்.