பன்னிரண்டு கரண்டி சீனி

என் வீட்டுக்காரர் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை நான் நாள் எண்ணித்தான் சொல்வேன். எண்ணாமல் இருந்தவர்கள் யாரும் அந்த எட்டு மாதத்தை என்னோடு வாழவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தினமும் காலையில் போட்டுக்கொள்வார். அதைப் போட்டிருக்கும்போது சாராயம் ஒரு துளி உள்ளே போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருமல் மருந்து, அரிஷ்டம் எதுவும் கூடாது என்றார்கள். நான் ஊறுகாய் பாட்டிலைக்கூட மூன்று தடவை படித்துத்தான் வாங்கினேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

சிக்கல் சாயந்திரம் ஆறு மணியில்தான் இருந்தது. தேயிலை ஃபாக்டரியிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் அவர் கைக்கு ஒரு கிளாஸ் வேண்டும். வெறும் கை என்றால் அவருக்குக் கால் தரிக்காது, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். அந்த நடை எங்கே போய் முடியுமோ என்று எனக்குப் பயம்.

நான் சித்திரபுரத்துப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை பார்க்கிறேன். அங்கே முதலாளியம்மா கொம்புச்சா போட்டு விருந்தாளிகளுக்குக் கொடுப்பார். இனிப்புத் தேத்தண்ணியை ஆற வைத்து, முன்பு போட்டதில் மிச்சம் வைத்த பழைய புளிப்பும், அதன் மேல் பாலாடை மாதிரி படிந்த வழவழப்பான ஆடையும் போட்டு, துணி கட்டி வைத்தால் புளித்துப் பொங்கி வரும். குடித்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். அதுதான் இவருக்கு மருந்து என்று எனக்குத் தோன்றியது. ஒரு துண்டு ஆடையும் ஒரு பாட்டில் புளிப்பும் கேட்டு வாங்கி வந்தேன்.

முதலாளியம்மா தராசில் நிறுத்துத்தான் போடுவார். ஒரு லிட்டர் தண்ணிக்கு எழுபது கிராம் சீனி, ஆறு கிராம் தேயிலை, பழைய புளிப்பு நூறு மில்லிக்குக் குறையாமல். என் வீட்டில் தராசு ஏது? அந்தத் தராசிலேயே நிறுத்து, கரண்டியில் அளந்து பார்த்து எழுதிக்கொண்டேன்: சீனி பெரிய கரண்டியால் ஐந்து, தேயிலை சின்ன கரண்டியால் மூன்று. ஹோம்ஸ்டே தேயிலை பெரிய இலை, கரண்டியில் பஞ்சு மாதிரி நிற்கும்.

என் வீட்டில் இருப்பது தோட்டத்துக் கம்பெனி கொடுக்கும் டஸ்ட் தேயிலை. பொடி. கரண்டிக்குள் அமுங்கி உட்காரும், எடையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கரண்டி என்று எழுதிவிட்டால் அது கரண்டிதானே என்று போட்டேன். தேத்தண்ணி கறுத்துக் கிடந்தது. வடிகட்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஒரே கடுப்பு. எங்கள் ஊரில் தேத்தண்ணி கடுப்பாகிப் போனால் செய்வது ஒன்றுதான், சீனியைக் கூட்டுவது. ஏழு, எட்டு, பத்து என்று போட்டு, குடிக்கிற தேத்தண்ணி பக்குவத்துக்கு வந்தபோது பன்னிரண்டு கரண்டி ஆகியிருந்தது. அதைப் புளிக்க வைக்கப்போகிறேன் என்பதையே மறந்து, அப்போதே குடிக்கப்போவதைப் போல ருசி பார்த்தேன். அந்தச் சீனி நமக்கு இல்லை, அந்தப் புளிப்புக்குத் தீனி என்று முதலாளியம்மா சொன்னது என் காதில்தான் விழுந்தது, நாக்குக்கு எட்டவில்லை.

ஆற வைத்து, சாடியில் ஊற்றி, ஆடையும் புளிப்பும் போட்டுத் துணி கட்டி வைத்தேன். இங்கே மலைக்குளிர். எட்டு நாள் ஆகியும் இனிப்பு குறையவில்லை. சாடியை அடுப்போரம் நகர்த்தினேன். இன்னும் ஒரு வாரம் கழித்து, பாதி இனிப்பு இருக்கும்போதே பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி, அதே அடுப்போரம் ஐந்து நாள் வைத்தேன். திறந்தால் நுரை தெறித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர் இரண்டு கிளாஸ் குடித்தார். நல்லாருக்கு புள்ள, இதுல ஒரு உரப்பு இருக்கு என்றார். நான் சிரித்தேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முகம் மிளகாய்ச் சிவப்பாகிவிட்டது. கண்ணும் சிவந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் வாந்தி எடுத்தார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மத்தியானம் வெட்டுக்கத்தி தீட்டப் போகிறேன் என்று ஒரு மணி நேரம் வெளியே போயிருந்தாரே, அதுதான் தோன்றியது. எங்கே குடித்தாய் என்று கத்தினேன். அவர் மூச்சு வாங்கியபடி, தொடல, சத்தியமா தொடல என்றார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள், எனக்கு விடியக்கூட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயமே வாசலுக்கு வந்து நின்றது. எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன்:

“இந்த மனுசன் செத்தாலும் எனக்குக் கவலையில்ல.”

சொல்லிவிட்டு நானே ஜீப் கூப்பிட ஓடினேன். ஜீப்பில் அவர் தலை என் மடியில் கிடந்தது, மேலெல்லாம் சில்லிட்டு வேர்த்தது. சாமி, என் வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ளாதே என்று வழியெல்லாம் அழுதேன். அப்போதும் அவர் குடித்தார் என்றுதான் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் இறங்கிக் கிடந்தது. ஊசி போட்டு, சலைன் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து மூச்சு சீரானதும் நர்ஸம்மா வெளியே வந்தார். இன்று என்னென்ன சாப்பிட்டார், குடித்தார் என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். சோறு, கருவாடு, அப்புறம் நான் போட்ட தேத்தண்ணி என்றேன். என்ன தேத்தண்ணி என்றார். சொன்னேன். லிட்டருக்கு எவ்வளவு சீனி என்று கேட்டார். கொஞ்சம் பெருமையாகவே பன்னிரண்டு கரண்டி என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

“பன்னெண்டா? அதுல சாராயம் ஊறியிருக்கும்மா. சரியான அளவுல போட்டாலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இந்த மாத்திரை போடுறவருக்கு அது சொட்டுகூட ஆகாது. நீங்க அளவையும் கூட்டி, மூடியும் வச்சிருக்கீங்க.”

பதநீர் எப்படிக் கள்ளாகிறது என்று தெரிந்தவள்தான் நான். தேத்தண்ணி என்று பேர் வைத்துவிட்டதால் அதுவும் புளிக்கிற சரக்குதான் என்று தோன்றவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். அந்தக் குரங்குகூட ஆளைக் கொல்லாது.

திரும்பி வந்ததும் மிச்சமிருந்த பாட்டிலையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்தேன். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், அவர் குடிக்கவில்லை, தப்பு என்னுடையது, சீனி அளவு கூடிவிட்டது என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, விடு புள்ள, எங்க ஊட்டுலயும் நான் இப்பிடித்தான் மூடி மறைச்சேன் என்றாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் கத்தியதை ஊரே நம்பியது, கும்பிட்டுச் சொன்ன உண்மையை ஒருத்தரும் நம்பவில்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் காலைப் பிடித்து அழுதபோது, தெரியாமத்தானே செஞ்ச என்றார், அவ்வளவுதான். மாத்திரையை இன்னும் போடுகிறார். குடிக்கவும் இல்லை.

ஆனால் அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நேரே என்னிடம் வருகிறார். குனிந்து, வாயைத் திறந்து என் முகத்தில் ஊதுகிறார். பார்த்துக்கொள் என்கிறார். வேண்டாம்ங்க, வேண்டாம்ங்க என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் மோந்து பார்க்கிறவரை நகர மாட்டேன் என்கிறார்.