அடக்கமான பெண் என்று போட்டிருந்தது

ஆத்தூர் ஜெயபிரியாவுக்கு முப்பத்தொரு வயது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் ஏற்றுமதி வேலை பார்க்கிறாள். மேட்ரிமோனி தளத்தில் அவளைப் பற்றி அண்ணன் சுடலைக்கண்ணு எழுதியிருந்தான்: 'அடக்கமான, குடும்பப்பாங்கான, கலகலப்பான பெண்.'

அன்றும் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, "வேலைய எப்ப விடுவா?" என்று கேட்டார்கள். இதையே கேட்ட நான்காவது வீடு அது. அவர்கள் கார் கிளம்பியதும் ஜெயபிரியா அண்ணனின் போனைப் பிடுங்கினாள்.

"யாருண்ணே அடக்கம்? நானா?"

"எல்லாரும் அப்படித்தாம்ளா போடுதாவ."

அவள் அத்தனையையும் அழித்துவிட்டு எழுதினாள்: 'கப்பல் கிளம்பும் நாட்களில் வீடு திரும்ப நேரமாகும். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன். மீன்குழம்பு நன்றாக வைப்பேன், மற்றதெல்லாம் சுமார். ஞாயிறு காலையில் எழுப்பினால் எரிந்து விழுவேன். அம்மாவுக்குக் கடைசிவரை பணம் கொடுப்பேன். என்னிடம் பொய் சொன்னால் எனக்கு மனசு ஆறாது.'

"ஏளா, இதப் படிச்சிட்டு எவன் வருவான்?" அண்ணன் தலையில் கைவைத்தான்.

தளத்தார் அதைச் சரிபார்த்து வெளியிட்ட பிறகு, விருப்பம் தெரிவிப்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அண்ணன் தினமும் அதைச் சொல்லியே அவள் உயிரை வாங்கினான்.

பிறகு சாத்தான்குளத்து ஆசிரியர் ஒருவர் எழுதினார்: 'என் அம்மா என்னோடுதான் இருப்பார். கோபம் வந்தால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். உங்களுக்கு ஒத்துவருமா?'

"தன் குறைய அவனே சொல்லுதான், கிறுக்கன்!"

"போனக் குடுண்ணே."

'பேசாமல் இருப்பது ஒத்துவராது. ஆனாலும் பேசிப் பார்க்கலாம்' என்று தட்டி அனுப்பினாள்.