சோபாவுக்கு அடியில் ஐந்து அங்குலம்

"ஐயா, நீங்கள் படம் அனுப்பிய மூன்று பேர் உட்காரும் சோபாவின் அகலம், ஆழம், உயரம், தரைக்கும் சோபாவின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, இந்த நான்கையும் டேப் வைத்து அளந்து சரியாக எழுதி அனுப்பவும்."

திருவொற்றியூரில் இருக்கும் பர்னிச்சர் கடைக்கு இப்படி எழுதித் தபாலில் போட்டேன். எண்ணூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கடை வந்துவிடும். போனில் கேட்டதற்கு, "எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ்தாம்மா" என்றுதான் சொன்னார்கள். நேரில் போகாததற்குக் காரணம் அந்தச் சாலை. அங்கேதான் கன்டெய்னர் லாரி என் மகளின் ஸ்கூட்டியை இடித்தது. அதன் பிறகு மருத்துவமனைக்குக்கூட மணலி வழியாகச் சுற்றித்தான் போய் வந்தேன்.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கட்டிலிலிருந்து தூக்கி மாற்ற வாடகைக்கு ஒரு லிஃப்ட் எடுத்திருக்கிறோம். துணித் தொட்டிலில் அவளை உட்காரவைத்து மெல்ல உயர்த்தும். அதன் இரண்டு நீளக் கால்களும் கட்டிலுக்கோ சோபாவுக்கோ அடியில் நுழைந்தால்தான் வேலை நடக்கும். அந்தக் கால்களின் உயரம் நாலரை அங்குலம். எங்கள் பழைய சோபா தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"நான் இன்னா சாமானா, உள் ரூம்ல போட்டு வெக்கிறதுக்கு? ஹால்ல உக்காந்து வாசல பாக்கணும்மா" என்று ஒரு நாள் சொன்னாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

பத்து நாள் கழித்து என் கடிதமே திரும்பி வந்தது. பின்பக்கத்தில் பால்பாயின்ட்டில் எழுதியிருந்தார்கள்: அகலம் 72, ஆழம் 32, உயரம் 33, கால் 6.

"ஆறு இன்ச் கீதே. இன்னும் இன்னா யோசன?" என்றார் என் கணவர்.

"நான் காலைக் கேக்கல. அடியில இருக்கற இடத்தக் கேட்டேன். உயரம் முப்பத்து மூணாம். அது முதுகு சாயற உயரம். உக்கார்ற உயரம் எங்க?"

உட்காரும் உயரம் என்று தெளிவாகக் கேட்காதது என் தப்பு. அது அதிகமானால் அவள் கால்கள் தொங்கும். தொங்கினால் வீங்கும்.

மகள் சிரித்தாள். "நீயே போய்ப் பாரேம்மா. நீ கேஸ் போட்டாக்கூட கடைக்காரன் இப்புடி அளக்க மாட்டான்."

போனேன். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த இடம் வந்தபோது எனக்குத் தெரிந்தது. லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பஸ் மெதுவாகும்.

கடையில் ஒரு தச்சர் இருந்தார். டேப்பை இழுத்து, "அந்த முனைய புடிங்கம்மா" என்றார்.

என் கை நீளவில்லை. விபத்து நடந்த அன்றைக்கு, சேதி கேட்டு நான் ஓடிப்போனபோது, சாலையில் ஒரு கான்ஸ்டபிளும் இதையேதான் சொன்னார். என் மகளின் ஒற்றைச் செருப்புக்கும் லாரியின் பின்சக்கரத்துக்கும் இடையே அளப்பதற்கு ஆள் இல்லாமல், நான் யார் என்று தெரியாமல், டேப்பின் முனையை என் கையில் கொடுத்தார். நானும் பிடித்தேன்.

"இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலியா?"

"ஒண்ணுமில்ல. அளங்க."

முனையைப் பிடித்தேன். உட்காரும் உயரம் பதினேழரை. அது சரி. அடியில் பார்க்க நான் தரையில் மண்டியிட்டுக் குனிந்தேன். அன்றைக்கு லாரிக்கு அடியிலும் இப்படித்தான் குனிந்தேன். அங்கிருந்து அவள் "அம்மா" என்றாள். சோபாவுக்கு அடியில் தூசியும் ஒரு மரக்கட்டையும்தான் இருந்தன. பலகையைத் தாங்குவதற்காக நீளவாக்கில் அடித்த கட்டை, சட்டத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது.

தச்சர் படுத்துக்கொண்டு அளந்தார். "மூணே முக்கா. கால் மட்டும்தான் ஆறு. கடையில கால அளந்துட்டு எழுதிட்டாங்க போல."

"அஞ்சு வேணும். அதுவும் ஆள் உக்காந்தப்புறம்."

அவர் எழுந்து என் முகத்தைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"கால ஒசத்துனா சீட்டும் ஒசந்துடும். வேணாம். கட்டையக் கழட்டி சட்டத்துக்குள்ள ஏத்தி அடிச்சுத் தரேன். நானே ஏறிக் குந்துறேன், நீங்க அளந்து பாத்துட்டு எடுத்துகினு போங்க."

அடுத்த வாரம் மறுபடியும் அதே பஸ்ஸில் போனேன். அவர் சோபாவில் உட்கார்ந்தார். அடியில் ஐந்தேகால் அங்குலம் இருந்தது.

வீட்டில் லிஃப்டின் கால்கள் உரசாமல் உள்ளே போயின. தொட்டில் இறங்கியது. அவள் முதுகைச் சாய்த்து வாசலைப் பார்த்தாள். பிறகு குனிந்து பார்க்க முடியாமல் கேட்டாள்.

"அம்மா, என் கால் தரையில படுதா?"

நான் மண்டியிட்டுப் பார்த்தேன். இரண்டு பாதங்களும் சிமெண்டுத் தரையில் பட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் சோபாவுக்கு அடியில் இருட்டாக இருந்தது. அங்கே பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"படுதும்மா" என்றேன். எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.