‘நகல்’ என்றிருந்த ஃபோல்டர்

எங்கள் லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தில் அவருக்கு ‘ஒழுங்கு சார்’ என்றுதான் பெயர். அடுத்தவர் மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். பதினெட்டு வருஷமாக எங்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை.

அன்று காலை எல்லோருக்கும் பொதுவான டிரைவில் ‘ஆய்வு’, ‘ஆய்வு - நகல்’ என்று இரண்டு ஃபோல்டர்கள் அவர் கண்ணை உறுத்தின. ஒன்று போதுமே! யாரையும் கேட்காமல் நகலை அழிக்கப் போனார். ‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினார். அது சர்வரில் இருந்தது; அழித்தால் அவருடைய கணினியின் குப்பைத்தொட்டிக்கு வராது.

அரை மணி நேரத்தில் எதிர் மேஜையில் இருந்த ஆய்வாளர் பெண் “ஃபோல்டரக் காணோமே” என்று எழுந்து நின்றாள். லிஃப்ட் ஆய்வில் எடுத்த மூலப் படங்கள் கெட்டுவிடக் கூடாதென்று அவள் நகலில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். மறுநாள் போகவேண்டிய அறிக்கை அது.

ஒழுங்கு சாருக்குத் தான் அழித்தது எது என்று புரிந்தது. உடனே ஐ.டி. பிரிவுக்கு மின்னஞ்சல் அடித்தார். ஃபோல்டரின் முழுப் பாதை, கடைசியாகப் பார்த்த நேரம், அவசரம், எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு வரிதான் இடறல்: ‘மேற்படி ஃபோல்டர் காணாமல் போயுள்ளது.’ மேலாளருக்கும் அவளுக்கும் நகல் போட்டார்.

ஐ.டி. பையன் போன் செய்தான். “நேத்து ராத்திரி எடுத்த பேக்கப்ல இருந்து கொண்டு வந்துடலாம் சார். இன்னைக்குக் காலைல செஞ்சது மட்டும் வராது.” குரலைத் தாழ்த்தினான். “யார் அழிச்சாங்கன்னு பதிவுல இருக்கு. யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

அவர் “சரிப்பா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை தன்னைத் திட்டிக்கொள்கிறார்.

ஃபோல்டர் திரும்பி வந்தது. அவள் விடியற்காலை ஆறு மணிக்கே வந்து எண்பது படங்களுக்கு எழுதிய குறிப்புகள் வரவில்லை.

மேலாளர் எல்லோர் எதிரிலும் கேட்டார். “காலைல அதுல இருந்தது நீ மட்டும்தானேம்மா? கை பட்டிருக்கும்.”

“நான் தொடவே இல்ல சார்,” என்றாள். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தவள், நேராக ஒழுங்கு சார் முன் நின்றாள்.

“நீங்க உடனே மெயில் போட்டதால இதாவது கிடைச்சுது. ரொம்ப நன்றி சார்.”

அவர் தன் மேஜையில் நேராக இருந்த பேனாவை மறுபடி நேராக்கினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. நாலரை மணிக்கு, அதே மின்னஞ்சலுக்கு எல்லோருக்கும் பதில் எழுதினார்: ‘காணாமல் போகவில்லை. நான்தான் அழித்தேன். ஆய்வாளர் மேல் தவறில்லை.’

அனுப்பிவிட்டுத் தலை நிமிரவில்லை. எதிர் மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

பிறகு அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “நீ படத்தைப் பாத்து சொல்லும்மா. நான் டைப் பண்றேன்.”

அவள் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நான் நன்றி சொல்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் சார்.”