நீலம் எந்தப் பக்கம்?

அந்தப் பயிற்சி மையத்தில் புதிர்க் கேள்விகள் நடத்தும் ரீசனிங் டீச்சர் என்றாலே மாணவர்களுக்குப் பயம். அரசு வேலைத் தேர்வுகளை எழுதி எழுதித் தோற்று, வயது வரம்பும் தாண்டிய பிறகு பாடம் நடத்த வந்தவள். தான் கோட்டைவிட்ட மார்க்கையெல்லாம் நம்மிடம் பிடுங்குகிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாத்தனாரும் அவளும் ஒரே அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலம் தள்ளினார்கள். அந்த நாத்தனார்தான் மையத்தின் இலவச வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினாள். ஒரே மார்க்கில் இடம் நழுவியது. கேள்வித்தாளைத் தயாரித்ததும் விடைத்தாளைத் திருத்தியதும் அண்ணியான டீச்சர்தான்.

முடிவு வந்த அன்றே நாத்தனார் வினாத்தாளோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். தகராறு கனசதுரக் கேள்வியில். விரித்துப்போட்ட ஆறு கட்டங்கள்: மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, வெள்ளைக்கு இடப்புறம் நீலம், வலப்புறம் கறுப்பு. இதை மடித்தால் எந்தக் கனசதுரம் வராது? டீச்சரின் விடை நான்காவது படம். அதில் சிவப்பும் மஞ்சளும் ஒட்டி நின்றன. வரிசையில் ஒன்றுவிட்டு இருக்கும் கட்டங்கள் மடித்தால் எதிரெதிராகப் போய்விடும், ஒட்டவே ஒட்டாது. நாத்தனார் குறித்திருந்தது இரண்டாவது: மேலே சிவப்பு, முன்னால் வெள்ளை, வலப்பக்கம் நீலம்.

"மூணும் ஒட்டுற முகம்தான். அடிப்படையே தெரியாம சண்டைக்கு வந்துட்டே," என்றாள் டீச்சர், தலை நிமிராமல்.

"ஒட்டும். எந்தப் பக்கம் ஒட்டும்னு பாத்தீங்களா அண்ணி?"

மற்ற ஆசிரியர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். வீட்டுப் பகையை வீட்டோடு வைத்துக்கொள் என்று டீச்சர் சீறினாள். நாத்தனார் நகரவில்லை.

அவள் மூக்கை உடைக்கத்தான் டீச்சர் கத்தரியை எடுத்தாள். படத்தை வெட்டி, நிறங்கள் வெளியே தெரிய மடித்தாள். சிவப்பை மேலேயும் வெள்ளையை முன்னாலும் வைத்தாள். வலப்பக்கம் கறுப்பு நின்றது. நீலம் இடப்பக்கம். இரண்டாவது படமும் வராது. எதிர்முகங்களை மட்டும் சரிபார்த்துவிட்டு, இடம் வலம் பாராமல் டீச்சரே படம் போட்டிருக்கிறாள். அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிடலாமா என்று தோன்றியது.

எழுந்து நேரே உரிமையாளரிடம் போனாள். சொந்தக்காரிக்கு இடம் கொடுத்ததாக ஊர் பேசும், கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்றார் அவர். இரண்டாவதைக் குறித்த எல்லோருக்கும் மார்க் போட்டே ஆகவேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். கடைசியில் அவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நாத்தனாருக்கு இடம் கிடைத்தது.

வெளியே அவள் டீச்சரை வழிமறித்தாள். "எனக்காகவா செஞ்சீங்க?"

"உனக்காகன்னா செஞ்சிருக்கவே மாட்டேன்."

"தெரியும். அதான் நன்றி சொல்லல."

வகுப்பு தொடங்கிய அன்று நாத்தனார் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பட்டியலில் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கடைசி பெஞ்சுதான் என்றாள் டீச்சர். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். உட்காருவதற்கு முன்பே கையைத் தூக்கினாள், சந்தேகம் கேட்க.